நாலரை நாள் லீவுக்குப் பாதி வேலையா?

ஸ்பிரிண்ட் பிளானிங் முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தபோது எங்கள் ப்ராடக்ட் ஓனர் திரையில் இருந்த ஷீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “நாலரை நாள் லீவு, ஒரு நாள் பொது விடுமுறை. சப்போர்ட் எப்பவும் இருக்கிறதுதான். இதுக்கு எப்படிங்க பாதி வேலை காணாமப் போகும்?” வழக்கமாக 34 பாயிண்ட் முடிக்கும் டீம், அந்த ஸ்பிரிண்ட்டுக்கு 17 பாயிண்ட் மட்டும் எடுத்திருந்தது. ஷீட் அப்படித்தான் சொன்னது. அந்த ஷீட்டைப் போட்டவன் நான். ஒவ்வொரு வரியையும் அவருக்கு விளக்கினேன், ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அந்தக் கேள்வி இரண்டு வாரம் என்னை விடவில்லை.

முதலில் ஷீட் என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். ஐந்து டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், 10 வேலை நாள். மொத்தம் 60 ஆள்-நாள். இரண்டாவது புதன்கிழமை, அதாவது 8-ஆம் நாள், பொது விடுமுறை. ஆறு பேருக்கும் சேர்த்து 6 நாள் கழித்தேன். லீவு காலண்டரில் ஒரு டெவலப்பருக்கு 3 நாள், டெஸ்டருக்கு 2 நாள், இன்னொருவருக்கு அரை நாள் என்று இருந்தது. அதற்கு 5.5 கழித்தேன். சப்போர்ட் டியூட்டி வாரத்துக்கு ஒரு டெவலப்பர் என்று சுழற்சியில் போகிறது, அதற்கு 10. மீதி 38.5. மீட்டிங், மெயில், கோட் ரிவியூ என்று போகும் நேரத்துக்காக வழக்கம்போல 0.8-ஆல் பெருக்கினேன். 30.8 வந்தது. அது 60-இல் பாதிக்குச் சற்று மேல். கடந்த மூன்று ஸ்பிரிண்ட்டின் சராசரி வெலாசிட்டி 34. அதில் அதே பங்கை எடுத்தால் 17.

இந்தக் கணக்கைப் படிக்கிற பலருக்கு இதில் தப்பு எங்கே என்று உடனே தெரியாது. எனக்கும் ஒரு வருடமாகத் தெரியவில்லை. லீவு குறைவான ஸ்பிரிண்ட்டுகளில் ஷீட் சொல்லும் எண்ணைவிட நிறையக் கூடுதலாகவே நாங்கள் எடுத்துக்கொள்வோம், முடித்தும்விடுவோம். அதனால் யாரும் கேட்கவில்லை. லீவு, விடுமுறை, சப்போர்ட் மூன்றும் ஒரே ஸ்பிரிண்ட்டில் வந்து மோதியபோதுதான் எண் இவ்வளவு கீழே இறங்கியது.

அந்த ஸ்பிரிண்ட்டில் நடந்தது இது. 17 பாயிண்ட்டும் முதல் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பேக்லாகிலிருந்து அவசரமாக இன்னும் 14 பாயிண்ட் எடுத்தோம். அதில் 6 முடிந்தது. மீதி 8 பாயிண்ட்டுக்கான கோட் எழுதியாயிற்று, ஆனால் டெஸ்ட் செய்ய ஆளில்லாமல் அப்படியே அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குப் போனது. ஆக முடிந்தது 23, தொங்கியது 8. நான் கொடுத்த 17-க்கும் உண்மையாக நடந்ததற்கும் ஒட்டே இல்லை.

ஒரு கட்டத்தில் ஒரே எழுத்து

எங்கள் டீமில் டெஸ்டிங் பார்க்கும் அக்காவிடம்தான் இதைக் கொண்டுபோனேன். அவர் என் ஷீட்டை மூடச் சொல்லிவிட்டு, ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்து ஆறு வரிசை, பத்து பத்தி வரைந்தார். “தம்பி, கூட்டிக் கழிக்காத. யார், எந்த நாள், எங்க இருந்தாங்கன்னு ஒவ்வொரு கட்டமா சொல்லு, நான் எழுதறேன்” என்றார். விடுமுறைக்கு H, லீவுக்கு L, சப்போர்ட்டுக்கு S. காலியாக விட்டால் அது ஸ்பிரிண்ட் வேலை. ஒரு கட்டத்தில் ஒரு எழுத்துதான், இரண்டு எழுதக்கூடாது.

முதலில் 8-ஆம் நாள் பத்தி முழுக்க H விழுந்தது. அடுத்து அந்த 3 நாள் லீவுக்கு வந்தோம். காலண்டரில் அது செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரே நீளமான பட்டையாகத் தெரியும். ஆனால் நடுவில் இருப்பது அந்தப் புதன்கிழமை விடுமுறை. அந்தக் கட்டத்தில் ஏற்கனவே H இருந்தது. L எழுத இடமில்லை. அவர் எடுத்தது 2 நாள் லீவுதான், ப்ராடக்ட் ஓனர் சொன்ன நாலரை நாளும் அப்படித்தான் வருகிறது. என் ஷீட் அந்த 2 நாளை 3 என்று கழித்துவிட்டு, அதே புதன்கிழமையை விடுமுறைக் கணக்கிலும் கழித்திருந்தது. சப்போர்ட்டிலும் அப்படியே. இரண்டாவது வாரத்தில் வேலை நாள் நான்குதான், ஆனால் நான் ஐந்தைக் கழித்திருந்தேன். விடுமுறையன்று போன் வந்தால் எடுக்க ஒருவர் இருப்பார், உண்மை. ஆனால் அந்த நாளை நான் ஏற்கனவே ஒருமுறை கழித்தாயிற்று. இப்படி 2 நாள் திரும்பக் கிடைத்தது. 38.5 என்பது 40.5 ஆனது.

இந்தத் தாளை இப்போது ஷீட்டாக மாற்றி வைத்திருக்கிறோம். அரை நாள் லீவு வருவதால் ஒவ்வொரு நாளையும் இரண்டு பத்தியாகப் பிரித்து, மொத்தம் 20 பத்தி. ஒவ்வொருவருக்கும் வரிசைக் கடைசியில் இது ஒன்றுதான் சூத்திரம்:

```
=COUNTBLANK(C5:V5)/2
```

காலிக் கட்டத்தை எண்ணுவதால், ஒரு நாள் இரண்டு காரணத்துக்காகக் கழியும் பேச்சே இல்லை. எந்த மொத்தத்திலிருந்தும் எதையும் நாங்கள் கழிப்பதில்லை.

சப்போர்ட் ஒரு நாற்காலி

ஆனால் இந்த இடத்தில் நான் மறுபடி தவறப் பார்த்தேன். இரண்டாவது வார சப்போர்ட் யாருக்கு இருந்ததோ, செவ்வாயும் வியாழனும் லீவு எடுத்தவரும் அவரே. அவருடைய வரிசையில் அந்த இரண்டு கட்டத்தில் L எழுதினோம். “சரி, இங்கயும் இரண்டு நாள் ரெண்டு தடவை கழிஞ்சிருக்கு, இன்னும் இரண்டு நாள் மிச்சம்” என்று சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கேட்டார்: “அப்போ அந்த ரெண்டு நாள் டிக்கெட்டை யார் பாத்தா?”

யார் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். இன்னொரு டெவலப்பர் கைமாற்றிக்கொண்டு பார்த்தார். அது அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்த ஏற்பாடு, ரோஸ்டரில் மாற்றவில்லை, ஷீட்டிலும் வரவில்லை. அவருடைய வரிசையில் அந்த இரண்டு கட்டமும் காலியாக, முழு ஸ்பிரிண்ட் வேலை நாளாக இருந்தன. அங்கே S எழுதியதும் நான் மிச்சம் என்று நினைத்த இரண்டு நாளும் போய்விட்டது.

எனக்கு இந்தக் கணக்கில் முக்கியமாகப் படுவது இந்த வித்தியாசம்தான். விடுமுறையும் லீவும் ஒரே நாளில் விழுந்தால் ஒருமுறைதான் கழிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டுமே ஒரு ஆள் இல்லாமல் போவது. லீவும் சப்போர்ட்டும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் விழுந்தால் இரண்டு ஆள்-நாள் போகும், ஏனென்றால் சப்போர்ட் என்பது ஒரு நாற்காலி. அதில் உட்கார வேண்டியவர் வரவில்லை என்றால் நாற்காலி காலியாக இருக்காது, வேறொருவர் வந்து உட்காருவார். என் பழைய ஷீட் இந்த இடத்தில் இரண்டையும் தனித்தனியாகக் கழித்ததால் தற்செயலாகச் சரியாக இருந்தது. கட்டம் போட்டு எண்ணும்போது நாற்காலியை மறந்தால் எண் கூடிவிடும். அதனால் ஒவ்வொரு பத்திக்கும் கீழே இன்னொரு சூத்திரம் வைத்திருக்கிறோம்:

```
=COUNTIF(C5:C10,"S")
```

வேலை நாள் எல்லாவற்றிலும் இது 1 என்று வர வேண்டும். 0 வந்தால் யாரோ ஒருவர் அந்த நாளில் எதிர்பாராமல் இழுக்கப்படப் போகிறார் என்று அர்த்தம். பிளானிங்குக்கு முன்னாலேயே அது யார் என்று பேசி எழுதிவிடுகிறோம்.

சப்போர்ட்டில் இருப்பவருக்கு முழு நாளையும் கழிக்க வேண்டுமா, பாதி போதாதா என்பது எல்லா டீமிலும் வரும் வாக்குவாதம். நாங்கள் முழுவதும் கழிக்கிறோம். டிக்கெட் குறைவான வாரத்தில் அவருக்கு நாளில் பாதி நேரம் கிடைக்கலாம். ஆனால் அந்தப் பாதி ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை. இருபது நிமிடம் இங்கே, நாற்பது நிமிடம் அங்கே என்று கிடைக்கிற நேரத்தில், டெஸ்டர் காத்திருக்கும் ஒரு ஸ்டோரியை நம்பி ஒப்படைக்க முடியாது. அவருக்குச் சின்னப் பிழைத் திருத்தம், ஆவணம் புதுப்பிப்பது போன்ற, முடியாவிட்டாலும் யாரையும் நிறுத்தி வைக்காத வேலையை மட்டும் கொடுக்கிறோம். அதற்குப் பாயிண்ட் கணக்கில் இடமில்லை.

34-க்குள் ஏற்கனவே இருந்தது

சரி, 38.5 என்பது 40.5 ஆனது. இரண்டு நாள்தான் வித்தியாசம். 34 பாயிண்ட் 17 ஆனதற்கு இது பதில் இல்லை என்று எனக்கும் தெரிந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போன பிறகும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் வகுத்தலின் கீழே இருந்த 60 கண்ணில் பட்டது.

34 பாயிண்ட்டை நாங்கள் 60 ஆள்-நாளில் முடிக்கவே இல்லை. எந்த ஸ்பிரிண்ட்டிலும் 60 நாள் எங்களிடம் இருந்ததில்லை. கடந்த மூன்று ஸ்பிரிண்ட்டிலும் சப்போர்ட் நாற்காலியில் ஒருவர் இருந்தார், யாரோ லீவில் இருந்தார்கள், மீட்டிங்குகள் நடந்தன. அவை எல்லாம் போனதுக்குப் பிறகு கிடைத்ததுதான் 34. அதே 34-இலிருந்து சப்போர்ட்டையும் மீட்டிங்கையும் நான் மறுபடி கழித்திருந்தேன். நாள் கணக்கில் ஒரு தடவை, வெலாசிட்டிக்குள் ஒரு தடவை.

பழைய மூன்று ஸ்பிரிண்ட்டுக்கும் அதே கட்டத்தை நிரப்பினேன். விடுமுறை எதுவும் இல்லாத ஸ்பிரிண்ட்டுகள். சப்போர்ட்டுக்கு 10 போக, லீவு முறையே 5, 1, 8 நாள். காலிக் கட்டங்கள் 45, 49, 42. முடித்த பாயிண்ட் 34, 37, 31. மொத்தம் 136 நாளில் 102 பாயிண்ட். ஒரு நிகர நாளுக்கு 0.75 பாயிண்ட். மூன்று ஸ்பிரிண்ட்டிலும் தனித்தனியாகப் பார்த்தாலும் 0.73-க்கும் 0.76-க்கும் இடையில்தான் இருந்தது. அவ்வளவு நெருக்கமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 40.5 நாளை 0.75-ஆல் பெருக்கினால் 30. அந்த 0.8-க்கு இங்கே வேலையே இல்லை. வேலையை மணிக்கணக்கில் மதிப்பிட்டுத் திட்டமிடும் டீமுக்கு அது தேவை. பாயிண்ட்டில் திட்டமிட்டால் 0.75-க்குள்ளேயே அது கரைந்திருக்கிறது.

நாங்கள் அந்த ஸ்பிரிண்ட்டில் டெஸ்ட் ஆனது, ஆகாதது எல்லாம் சேர்த்துச் செய்தது 31. எண் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நின்றது.

ப்ராடக்ட் ஓனருக்கான பதிலும் அங்கேயே இருந்தது. வழக்கமான ஸ்பிரிண்ட்டில் எங்களுக்கு நிகரமாகச் சராசரி 45 நாள் கிடைக்கிறது. இந்தத் தடவை 40.5. வித்தியாசம் ஐந்து நாளுக்கும் குறைவு, பாயிண்ட்டில் சொன்னால் நாலுக்குள். அதிலும் அந்த நாலரை நாள் லீவுக்குப் பங்கே இல்லை. 5, 1, 8-இன் சராசரியே நாலரைக்குச் சற்று மேல். இந்த டீம் எப்போதும் எடுக்கும் அளவு லீவைத்தான் எடுத்திருந்தது. வழக்கத்துக்கு மாறாக இருந்தது ஒரே ஒரு பொது விடுமுறை மட்டும். “எல்லாரும் லீவு போட்டா எப்படி” என்று அந்த ஸ்பிரிண்ட்டில் நான் இரண்டு பேரிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தேன். அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். தப்பான கணக்கு ஒரு மனிதரின் லீவை டீமுக்குப் பாரமாகக் காட்டிவிடும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

இந்த 0.75 எல்லா நேரத்திலும் செல்லாது. நாள் குறையக் குறைய அது கொஞ்சம் இறங்கும். காரணம் மீட்டிங். 2020 ஸ்க்ரம் கையேடு ஒரு மாத ஸ்பிரிண்ட்டுக்குப் பிளானிங் அதிகபட்சம் 8 மணி நேரம், ரிவியூ 4, ரெட்ரோ 3 என்று வரம்பு வைக்கிறது. இரண்டு வாரத்துக்கு அதில் பாதி என்று வைத்து, தினமும் 15 நிமிடக் கூட்டத்தையும் சேர்த்தால், ஆளுக்கு ஏறக்குறைய 10 மணி நேரம். 9 நாள் இருப்பவருக்கு அது சின்னத் துண்டு. சப்போர்ட் போக 4 நாள் மட்டும் இருப்பவருக்கு அந்தப் பிளானிங்கும் ரிவியூவும் அதே நீளம்தான். 42 நாள் கிடைத்த ஸ்பிரிண்ட்டில் விகிதம் மற்ற இரண்டையும்விடக் கீழே இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் நாள் வழக்கத்தைவிட நன்றாகக் குறையும் ஸ்பிரிண்ட்டில் வரும் எண்ணை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்கிறோம். பெரிய ரிலீஸ் முடிந்த கையோடு வரும் ஸ்பிரிண்ட்டிலும் எச்சரிக்கை தேவை. அப்போது நாற்காலியில் இருப்பவர் மட்டும் போதாமல் பக்கத்தில் இருப்பவர்களையும் கூப்பிடுவார், அது எந்தக் கட்டத்திலும் எழுதப்படாது.

டெஸ்டர் இல்லாத மூன்று நாள்

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அக்கா தன்னுடைய வரிசையைக் காட்டினார். 8-ஆம் நாள் H, 9-லும் 10-லும் L. “என்கிட்ட ஏழு நாள் இருக்குன்னு உன் ஷீட் சொல்லுது. அது சரி. ஆனா அந்த ஏழும் முதல் ஏழு நாள்.” செவ்வாய்க்கிழமை மாலைக்குப் பிறகு அந்த ஸ்பிரிண்ட்டில் டெஸ்டிங்கே இல்லை. தொங்கிப்போன 8 பாயிண்ட்டின் கதை அதுதான். லீவு ஒரு மாதம் முன்பே போட்டது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் 7 என்ற மொத்தத்தில் அது தெரியவில்லை. கட்டத்தில் பார்த்தால் ஒரு நொடியில் தெரிகிறது.

கடைசி இரண்டு நாளில் டெவலப்பர்களின் காலிக் கட்டங்களை எண்ணினேன். முதல் வார சப்போர்ட் முடித்தவருக்கு 2, கைமாற்றிக்கொண்டவருக்கு வெள்ளி மட்டும் 1, மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு. மொத்தம் 7. இந்த 7 நாளில் என்ன கோட் எழுதினாலும் அது இந்த ஸ்பிரிண்ட்டில் முடிந்த வேலையாகாது. 40.5-இல் 7 போனால் 33.5, அதை 0.75-ஆல் பெருக்கினால் 25. நாங்கள் உண்மையில் முடித்தது 23.

ஆக அந்த ஸ்பிரிண்ட்டுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு எண் இல்லை, இரண்டு. டெஸ்ட் முடித்துக் கொடுக்கக்கூடியது 25 பாயிண்ட். அதற்கு மேல் 7 டெவலப்பர் நாள், அது டெஸ்டர் தேவைப்படாத வேலைக்கு. முதல் நாளே இது தெரிந்திருந்தால் பெரிய ஸ்டோரிகளை முதல் வாரத்தில் ஆரம்பித்து, ஆறாம் நாளுக்குள் அக்கா கைக்குப் போகும்படி வரிசைப்படுத்தியிருப்போம். கடைசி இரண்டு நாளுக்கு லைப்ரரி அப்கிரேடுக்கான ஆய்வு, தானியங்கி டெஸ்ட் எழுதுவது, அடுத்த ஸ்பிரிண்ட் ஸ்டோரிகளைப் பிரித்து வைப்பது என்று ஒதுக்கியிருப்போம். அல்லது ஒரு டெவலப்பர் டெஸ்டிங் பார்க்க ஒப்புக்கொண்டிருப்பார், அப்போது அவர் கட்டத்தை டெஸ்டர் பக்கத்துக்கு மாற்றியிருப்போம். 17 என்று சொன்னதால் இதில் எதுவுமே பேசப்படவில்லை. முதல் வாரம் நிதானமாகச் சின்ன வேலைகளைச் செய்தோம், டெஸ்டர் போன பிறகு பெரியதை முடித்தோம்.

அடுத்த பிளானிங்கில் கட்டத்தைத் திரையில் போட்டு ப்ராடக்ட் ஓனரிடம் 17, 30, 25 மூன்றும் எப்படி வந்தன என்று காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு புதிய ஸ்பிரிண்ட்டின் கட்டத்துக்கு வந்தோம். பொது விடுமுறை இல்லை, டெஸ்டர் பத்து நாளும் இருக்கிறார், லீவு 2 நாள். காலிக் கட்டம் 48, எனவே 36 பாயிண்ட், அதில் தொங்கிப்போன 8-இன் டெஸ்டிங் வேலையும் வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது போன தடவை கைமாற்றிக்கொண்ட டெவலப்பர் கையைத் தூக்கினார். அந்த விடுமுறைப் புதன்கிழமையும் சப்போர்ட் போனை எடுத்தவர் அவர்தான். அதற்கான காம்ப்-ஆஃப் அவருக்கு இன்னும் பாக்கி இருந்தது, லீவு காலண்டரில் அது வரவில்லை. “வர்ற வெள்ளிக்கிழமை எடுத்துக்கலாமா?” என்று கேட்டார். அவர் வரிசையில் 5-ஆம் நாளின் இரண்டு பத்தியிலும் L போட்டேன். 48 என்பது 47 ஆனது.